வேப்பம்பூ வடகமும் நல்லூர்த் திருவிழாவும்
(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கோவிலை நம்பியிருக்கும் ஊரில், கையில் பெரிய முதல் இல்லாத ஒரு பெண் என்ன சிறுதொழில் செய்யலாம் என்பதைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. மருத்துவம் படித்தவர்களிடம் இதை ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் படித்த சிலர் சேர்ந்து, நல்லூருக்குக் கிட்ட உள்ள சில வீடுகளில் பெண்கள் செய்யும் சாமான்களை வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு எடுத்துக் கொடுத்து வருகிறோம். அதில் மருத்துவர்களான எங்களுக்கு விழுந்த வேலை இரண்டு. சாமான் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. கணக்குக் கொப்பியைப் பார்ப்பது மற்றது. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பதை இந்த வேலைதான் எங்களுக்குக் காட்டியது.

பலதையும் தொட்டுப் போவதைவிட ஒன்றை எடுத்து முழுதாகச் சொல்வது நல்லது. ஆகவே வேப்பம்பூ வடகத்தை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நல்லூரின் நாட்கணக்கைப் பார்ப்போம். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் 25 நாட்கள். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும். 24ஆம் நாள் தேர். ஆவணி அமாவாசையன்று தீர்த்தம். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் விற்பவருக்கு முக்கியமானது வேறொன்று. அமாவாசையை வைத்துக் கணக்கிடுவதால் திருவிழா ஆண்டுக்கு ஆண்டு முன்னுக்கும் பின்னுக்கும் போகிறது. 2023இல் ஓகஸ்ற் 21ஆம் திகதி கொடியேறி செப்ரெம்பர் 14ஆம் திகதி தீர்த்தம் வந்தது. 2025இல் யூலை 29ஆம் திகதி கொடியேறி ஓகஸ்ற் 22ஆம் திகதியே தீர்த்தம் முடிந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் அங்கத்தைய பள்ளி விடுமுறைக்குள் வந்து போகவேண்டியவர்கள். லண்டனிலும் கனடாவிலும் பள்ளிகள் செப்ரெம்பர் தொடக்கத்தில் திறந்துவிடும். ஆகவே 2023இல் தேர் நடந்தபோது அந்தக் குடும்பங்கள் ஊரில் இருந்திருக்க முடியாது. 2025இலோ திருவிழா முழுவதும் அவர்களின் விடுமுறைக்குள் அடங்கியது. தேருக்குச் சனம் கூடும், அன்றைக்கு விற்கலாம் என்று சாமானைச் சேர்த்து வைத்திருப்பவர் பிந்திய திருவிழா ஆண்டில் ஏமாந்து போவார். சூட்கேசில் கொண்டுபோவதற்குச் சாமான் வாங்குபவர் தேர் நாளைப் பார்த்து வாங்குவதில்லை. விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னர்தான் வாங்குவார். எனவே ஆண்டுத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தையும் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்தத் திகதிக்குள் பொதி கட்டி முடிக்கவேண்டும் என்று குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. திருவிழா முந்தி வரும் ஆண்டில் யூலை நடுப்பகுதிக்குள் எல்லாம் முடிந்திருக்கவேண்டும்.

இனி, வடகத்தை ஏன் எடுத்தோம் என்று சொல்கிறோம். திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான சைவ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. மரக்கறிச் சோற்றுக்குப் பொரித்து வைக்க ஏதாவது வேண்டும். விருந்தினர் தங்கும் வீடுகளும் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர்களும் அந்த 25 நாளும் வடகம் வாங்குவார்கள். வெளிநாட்டுக்குத் திரும்புபவர் கொண்டுபோவதற்கும் அது வசதியானது. பாரமில்லை, சிந்தாது, ஒழுங்காகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் இருக்கும். இதே வெயிலில் போடும் மோர்மிளகாயையும் பலர் கேட்பார்கள். ஆனால் அதில் தயிர் சேருகிறது. பால் சேர்ந்த உணவுகளைப் பயணிகள் கொண்டுவருவதில் ஐரோப்பிய நாடுகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. வடகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் மாத்திரம், வடகமானாலும் எந்த உணவானாலும், வருகை அட்டையில் தெரிவிக்கத்தான் வேண்டும். மறைத்தால் தண்டம் கட்டவேண்டி வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முக்கிய பொருளுக்குக் காசில்லை. பங்குனி, சித்திரையில் எங்கள் வளவுகளில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. இரவில் மரத்தின் கீழே பழைய சேலையை விரித்துவிட்டால் விடியப் பூவைக் கூட்டி எடுக்கலாம். றோட்டோர மரம் வேண்டாம், தூசியும் புகையும் படிந்திருக்கும். எடுத்த பூவைச் சுளகில் புடைத்து, காம்பும் சருகும் நீக்கி, இரண்டு நாள் காயவிட்டு, மூடியிறுக்கமான தகரத்தில் போட்டு வைத்துவிட்டால் வைகாசி, ஆனிக்குத் தயார்.

செய்முறை இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். ஆனாலும் விற்பதற்குச் செய்யும்போது அளவு ஒரே மாதிரி இருக்கவேண்டும். நாங்கள் பார்த்த வீடுகளில் ஒரு கிலோ தோல் நீக்கிய உழுந்துக்கு 200 கிராம் காய்ந்த வேப்பம்பூ, அரைக் கிலோ சின்ன வெங்காயம், 50 கிராம் செத்தல் மிளகாய், 65 கிராம் உப்பு என்று நிறுத்துப் போடுகிறார்கள். உழுந்தை நாலைந்து மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீரை முழுதாக வடித்து, கெட்டியாக அரைக்கவேண்டும். அரைக்கும்போது விடும் ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் பிறகு வெயில்தான் வாங்கவேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். வெங்காயத்தையும் மிளகாயையும் சிறிதாக அரிந்து, பூவோடும் உப்போடும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு ரூபாக் குற்றி அளவில் தட்டையாகத் தட்டிப் பாயில் வைக்கவேண்டும்.

இந்த வேலையில் முதல் நாள்தான் தீர்மானிக்கும் நாள். ஈர உழுந்தும் வெங்காயமும் சேர்ந்த மா எங்கள் வெக்கைக்கு விரைவாகப் புளிக்கும். காலை ஏழு மணிக்குள் தட்டி முடித்து வெயிலில் வைத்தால், பின்னேரத்துக்குள் மேற்பக்கம் தோல் பிடித்துவிடும், திருப்பிப் போடலாம். அன்றைக்கு மப்பும் மந்தாரமுமாக இருந்தால் தட்டியது அப்படியே நசநசவென்று கிடந்து புளித்த மணம் வரும், விரலில் நூல் மாதிரி இழுபடும். அப்படி வந்ததை மறுநாள் வெயில் திருத்தாது. ஆகவே வானத்தைப் பார்த்துத்தான் முதல்நாள் இரவு உழுந்தை ஊறப்போடவேண்டும். சித்திரை மாதத்தில் பின்னேர மழை எந்த நாளிலும் வரலாம். வைகாசி பிறந்து சோழகக் காற்று வீசத் தொடங்கிய பிறகு காய்ச்சல் நன்றாக இருக்கும். அந்தக் காற்றுத் தூசியையும் கொண்டுவருவதால், பாய்க்கு மேலே நுளம்பு வலைத் துணியைக் கட்டிவிடவேண்டும். அது இலையானையும் தடுக்கும்.

அடுத்தது, காய்ந்துவிட்டதா என்று அறிவது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தடிப்பாகத் தட்டிய வடகம் மூன்றாம் நாள் வெளியே கல் மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். வெளித்தோல் முதலில் இறுகிவிட்டதால் உள்ளீரம் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடுகிறது. கையால் தடவிப் பார்த்து இது தெரியாது. ஒவ்வொரு பாயிலிருந்தும் ஆகத் தடிப்பானதாகப் பார்த்து இரண்டை எடுத்து உடைக்கவேண்டும். சத்தத்தோடு உடையவேண்டும். உடைந்த இடத்தில் நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்கவேண்டும். நடுப்பகுதி கறுத்தோ, நகத்தால் அழுத்தினால் பதிந்தோ இருந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கண்ணாடிப் போத்தலில் அரைவாசிக்கு வடகத்தைப் போட்டு மூடியை இறுக்கி இரவு முழுவதும் வைக்கவேண்டும். காலையில் போத்தலின் உட்பக்கம் சற்றேனும் புகார் படிந்திருந்தால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவில்லை. ஒரு இரவு பொறுத்தால் போதும்.

நாங்கள் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் பூஞ்சணம். ஈரம் மிஞ்சிய தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் மிளகாயிலும் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. அது ஈரலைத் தாக்குவது, நாளடைவில் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடியது. எண்ணெயில் பொரித்தாலும் அந்த நஞ்சு முழுதாக அழிவதில்லை. ஆகவே பச்சையோ சாம்பலோ கறுப்போ படர்ந்த வடகத்தைத் துடைத்து மறுபடி வெயிலில் போட்டு விற்கக் கூடாது. அதோடு கிடந்து பழுதானவற்றையும் சேர்த்து எறியவேண்டும். ஒரு கிலோ உழுந்தின் காசு போகிறதே என்று மனம் வராது. அந்த மனம் வராமைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கடன் இருக்கும். அதற்கு இப்போது வருகிறோம்.

கடந்த பருவத்தில் நாங்கள் கணக்குப் பார்த்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோவிலுக்கு நடந்து போகக்கூடிய தூரம். இரண்டு பிள்ளைகள், ஒரு தாய், ஒரு அம்மம்மா. கணவர் இல்லை. ஒரு தடவையில் இரண்டு கிலோ உழுந்து போடுவார். அதற்கு மேல் பாயும் முற்றமும் கையும் போதாது. விலைகள் மாறும் என்பதால் கணக்கை விளங்கிக்கொள்ள வசதியான எண்களாகச் சொல்கிறோம். ஒரு கிலோ உழுந்துக்கு, வெங்காயம், மிளகாய், உப்பு, பை, முகவுரைத்தாள் எல்லாம் சேர்த்து 2,100 ரூபா செலவு. காய்ந்த பிறகு உடைந்ததும் ஒட்டினதும் கழிய 100 கிராம் பொதி 12 வரும். ஆகவே ஒரு பொதிக்கு அடக்கம் 175 ரூபா. விலை 400 ரூபா. இரண்டு கிலோப் போட்டால் செலவு 4,200 ரூபா, 24 பொதி, வரவு 9,600 ரூபா. வைகாசி கடைசியிலிருந்து ஆடி தொடங்கும்வரை ஐந்து தடவை போட்டால் 120 பொதி. மொத்தச் செலவு 21,000 ரூபா, மொத்த வரவு 48,000 ரூபா, மிச்சம் 27,000 ரூபா. பூக் கூட்டியது, அரைத்தது, காவல் இருந்தது எல்லாவற்றுக்குமான கூலியும் அந்த 27,000 ரூபாவுக்குள்தான்.

இது ஒரு குடும்பத்தை ஆண்டு முழுவதும் காப்பாற்றும் காசு அல்ல. பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, சீருடைக்கும், ஒரு கூரைத் திருத்தத்துக்கும் ஆகும். அவ்வளவுதான். ஆனால் இந்த 27,000 ரூபா கைக்கு வருமா, வராதா என்பதை உழுந்தோ வெயிலோ தீர்மானிப்பதில்லை. அந்த முதல் 21,000 ரூபா எங்கிருந்து வருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

அதை நுண்கடனாக எடுத்தால் என்ன நடக்கும்? 24 கிழமையில் கட்டி முடிக்கும் கடன் என்று வைத்துக்கொள்வோம். முதலுக்கு மாத்திரம் கிழமைக்கு 875 ரூபா. வட்டி வேறு. கடன் எடுத்த அடுத்த கிழமையே கட்டத் தொடங்கவேண்டும். வைகாசி நடுப்பகுதியில் எடுத்தால் திருவிழாச் சனம் வரும்வரை ஏறத்தாழ 12 கிழமை. அதற்குள் 10,500 ரூபாவும் வட்டியும் கட்டியாகவேண்டும். அந்த நேரத்தில் ஒரு பொதிகூட விற்றிருக்காது. அப்படியானால் அந்தக் காசு எங்கிருந்து வரும்? சமையல் காசிலிருந்து வரும், அல்லது இன்னொரு கடனிலிருந்து வரும். வடகத்தில் நட்டம் இல்லை, விலையிலும் பிழை இல்லை. செலவு வைகாசியில், வரவு ஆவணியில், தவணையோ ஒவ்வொரு கிழமையும். இந்த மூன்றும் பொருந்தாததுதான் வருத்தம். தவணை நெருக்கும்போதுதான் அரைக் காய்ச்சல் வடகத்தைப் பையில் போடச் சொல்லிக் கை தூண்டும். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்து வைக்கச் சொல்லும். சாமானின் சுத்தமும் கணக்குக் கொப்பியும் சம்பந்தப்பட்டவை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

வடமாகாணத்துப் பெண்கள் இந்தத் தவணைகளில் எவ்வளவு நெருக்கப்பட்டார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்களிலும் அதைக் காண்கிறோம். தலையிடி, நித்திரையில்லை என்று வருவார்கள். இரத்த அழுத்தக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதாகச் சொல்வார்கள். எந்த நாளில் தலையிடி கூட என்று கேட்டால் தவணைக்காரர் வரும் கிழமை நாளைச் சொல்வார்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி மிகவும் சின்னது. முற்பணம். 120 பொதிக்கும் சித்திரை மாதத்திலேயே ஆள் பிடித்துவிடுவது. ஒருவர் நான்கு பொதி கேட்டால் 30 பேர் போதும். ஒவ்வொருவரும் விலையில் அரைவாசி, அதாவது 800 ரூபா, முன்கூட்டித் தந்துவிடவேண்டும். மொத்தம் 24,000 ரூபா. செலவோ 21,000 ரூபா. கடன் எடுக்கவேண்டிய தேவையே இல்லை. மீதி 24,000 ரூபாவைப் பொதியை வாங்கும்போது கொடுத்தால், அதிலிருந்து எந்தத் தவணைக்காரருக்கும் எதுவும் போகாது. 800 ரூபா லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு தேத்தண்ணிக் காசு அளவுதான். அதே 800 ரூபா சித்திரையில் கிடைப்பதா, ஆவணியில் கிடைப்பதா என்பதில்தான் அந்த வீட்டின் கணக்கு முழுவதும் தங்கியிருக்கிறது.

முற்பணம் வாங்குவதால் செய்பவருக்கும் பொறுப்புக் கூடுகிறது. ஒவ்வொரு தடவை போட்டதற்கும் ஒரு இலக்கம் கொடுத்து, அதைப் பையில் எழுதவேண்டும். மூன்றாம் இலக்கப் பொதியில் பழுது என்று ஒருவர் சொன்னால், அந்த 24 பொதியை மாத்திரம் திருப்பி எடுக்கலாம், மற்ற 96 பொதியையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. பையில் பெயர், சேர்ந்த பொருள்கள், நிறை, பொதி கட்டிய திகதி, எதுவரை பாவிக்கலாம் என்ற திகதி, செய்தவரின் விலாசம் இவை இருக்கவேண்டும். உணவு விற்பனைக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. அவர் சொல்லும் திருத்தங்கள் பெரும்பாலும் அடுக்களையின் தண்ணீர், கைகழுவும் இடம், மூடிவைத்தல் பற்றியவையாகத்தான் இருக்கும். உப்பைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் சொன்ன அளவில் 100 கிராம் வடகத்தில் ஏறத்தாழ 5 கிராம் உப்பு இருக்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்துச் சாப்பிடும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் சோற்றுக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதையும் பையில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறோம்.

பொதி கட்டுவதிலும் ஒரு கவனம் வேண்டும். வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு பையை ஒட்டினால் உள்ளே வியர்க்கும். இரவு வெளியில் விட்டால், உப்புச் சேர்ந்த சாமான் கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆகவே பின்னேரம் நிழலில் வைத்துச் சூடாறியவுடன், அன்றைக்கே ஒட்டவேண்டும். மெல்லிய பொலித்தீன் வேண்டாம், தடித்த பைதான் வேண்டும். உழுந்துக்கு வண்டு வரும் என்பதால், திருவிழா பிந்தி வரும் ஆண்டில் பொதி கட்டாமல் தகரத்தில் வைத்திருப்பதை மாதத்துக்கு ஒருமுறை வெயில் காட்டவேண்டும்.

கோவில் வீதியில் கடை போட்டு விற்றால் என்ன என்று கேட்பார்கள். திருவிழாவுக்குத் தற்காலிகக் கடை போட இடத்துக்குக் கட்டணம் கட்டவேண்டும். 25 நாளும் ஒருவர் கடையில் நிற்கவேண்டும். கச்சானும் ஐஸ்கிறீமும் விளையாட்டுச் சாமானும் நடந்து போகும் சனத்துக்கு விற்கும். வடகம் அப்படி விற்காது. அதை வாங்குபவர் வீட்டில் இருந்து சொல்லி எடுப்பவர். 120 பொதிக்குக் கடை போட்டால் மிச்சம் முழுவதும் வாடகைக்குப் போய்விடும்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. ஒரே ஒழுங்கையில் இருபது பேர் வடகம் போட்டால் முற்பணம் தர அறுநூறு பேர் வேண்டும், கிடைக்கமாட்டார்கள். ஆகவே ஒருவர் வடகம் போட்டால் அடுத்த வீட்டார் வேறொன்று செய்யவேண்டும். தை, மாசியில் பனங்கிழங்கு கிடைக்கும்போது அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒன்று. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இன்னொன்று. எதை எடுக்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நாங்கள் மூன்று கேள்வி கேட்கிறோம். விற்காமல் மிஞ்சினால் அது எவ்வளவு நாள் இருக்கும்? செய்வதற்கு முன்பே காசு தர ஆள் இருக்கிறதா? வருபவர்கள் ஒருவரும் வராமல் போனால் ஊரில் உள்ளவர்கள் அதை வாங்குவார்களா?

மூன்றாவது கேள்வி வெறும் பயத்தில் கேட்பதல்ல. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு பயணங்கள் நின்றன. 2020இல் கொரோனாவால் விமான நிலையம் மூடிக் கிடந்தது, திருவிழா மட்டுப்படுத்தப்பட்ட அடியார்களோடு நடந்தது. 2022இல் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றோம். நான்கு ஆண்டுக்குள் மூன்று தடவை. வருபவர்களுக்காக மாத்திரம் வாங்கி அடுக்கிய அலங்காரச் சாமான் அந்த ஆண்டுகளில் அப்படியே தூசி பிடித்தது. வடகம் அப்படியல்ல. 400 ரூபாவுக்குப் போகாவிட்டாலும் சந்தையில் 250 ரூபாவுக்காவது போகும். அடக்கம் 175 ரூபா என்றபடியால் முதல் தப்பும், கூலிதான் குறையும். அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் சோற்றோடு பொரித்துச் சாப்பிடலாம்.

உலகின் பல திக்கிலும் இருந்து வந்திருக்கும் அக்காமாரிடமும் தங்கைமாரிடமும் நாங்கள் கேட்பது நன்கொடை அல்ல. அடுத்த திருவிழாவுக்கு வர நினைப்பவர்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு முன் எத்தனை பொதி என்று சங்கத்துக்குச் சொல்லி, அரைவாசிக் காசை அப்போதே தந்துவிடுங்கள். வருகிற திகதியைவிடத் திரும்புகிற திகதியைச் சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் பாய் விரிக்கிறார்கள். பயணம் தடைப்பட்டால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், அந்தப் பொதியை ஊரில் இருக்கும் உங்கள் உறவினர் யாராவது எடுக்கட்டும். பையைத் திறந்ததும் ஒரு வடகத்தை உடைத்து நடுப்பகுதியைப் பாருங்கள். கறுத்திருந்தால் சாப்பிடாமல், பையில் உள்ள இலக்கத்தை எங்களுக்கு எழுதுங்கள். அந்த இலக்கம் வந்தால்தான் மற்றப் பொதிகளை நாங்கள் தேடிப் பிடிக்கலாம்.